இருபத்துநாலாம் ஷீட்டின் ஆறாவது உறுப்பு

கல்முனையில் இணைந்த கணிதம் படித்த பிள்ளைகளில் சுபைறாவின் கையெழுத்தைத் தெரியாதவர் கிடையாது. சுபைறாவைத்தான் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கையெழுத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. nஇன் கால் கோட்டுக்குக் கீழே இறங்கித் தூண்டில் முள்ளாக வளையும். நாலின் தலை மூடாது. ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு விழும். பதினொரு வருடமாக மெழுகுத் தாளில் இரும்புப் பேனையால் கீறிக் கீறிப் பழகிய கை அது. மாப்பிள்ளை, அதாவது புருஷன், றஊப் மாஸ்டர் தன் ரியூஷன் வகுப்புக்குக் கணக்கைச் சொல்ல இவள் கீறுவாள். பிறகு இருவருமாகப் படியெடுக்கும் றோனியோ மிஷினைச் சுற்றுவார்கள். கையும் மூக்கும் கறுத்துப்போகும். அப்படி அடித்த எல்லாக் கணக்கு ஷீட்டின் தலைப்பிலும் ‘றஊப்’ என்று இருக்கும். தன் பேரைப் போட வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் உயர்தரத்தில் கணிதம் எடுத்துக் கொஞ்சப் புள்ளியில் பல்கலைக்கழகம் தவறியவள். எழுதி எழுதியே மிச்சத்தைப் படித்தாள்.

மீள்வரு தொடர்பு ஷீட் என்றால் றஊபுக்கு உயிர். ஒரு தொடக்கம், ஒரு விதி. முதல் உறுப்பு ஒன்று. அடுத்தது வேண்டுமென்றால் இருப்பதை இரட்டித்து ஒன்றைக் கூட்டு. அப்படியே எழுதிக்கொண்டு போனால் 1, 3, 7, 15, 31. இப்போது சொல்லு, நூறாவது என்ன? தொண்ணூற்றொன்பது தரம் இரட்டித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? உறுப்புகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கை விட ஒன்று குறைவு. ஆகவே 2ⁿ − 1. விதி அடுத்த படியை மட்டும் காட்டும். சூத்திரம் நேரே நூறாவது படிக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் அந்தச் சூத்திரம் வெறும் ஊகம். நிறுவும் வரைக்கும் அதை நம்பக் கூடாது என்பதில் றஊப் பிடிவாதக்காரர்.

ஒருநாள் அவர் மண்ணில் ஒரு வட்டம் கீறினார். வட்டத்தில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, எத்தனை துண்டு வருகிறது என்று எண்ணச் சொன்னார். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு புள்ளிக்கு ஒரு துண்டு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு நாலு, நாலுக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு.

"ஆறுக்கு?" என்று கேட்டார்.

"முப்பத்திரெண்டுதானே" என்றாள் சுபைறா.

"எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினாள். முப்பத்தொன்றுதான். றஊப் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அஞ்சு மட்டும் கூடவே வந்து, ஆறாவதில கவுத்துப்போடும். நல்ல கள்ளன்."

"இத ஷீட்டில போடுவமா?"

"வேணாம். பரீட்சைக்குப் போற புள்ளயள வெச்சி விளையாடப் படாது."

அந்த வேண்டாம் என்ற சொல்லை அவர் போன பிறகு அவள் மீறினாள். அதுதான் கதை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. றஊபின் வகுப்புக் கொட்டில் கடற்கரைப் பக்கம். வகுப்பு ஒன்பதரைக்கு. பிள்ளைகள் வர முன்னமே போய்க் கரும்பலகை நிறையக் கணக்கு எழுதி வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் போனார். கடல் முந்தி வந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். நேரத்துக்கு முன்னம் போன மனிசன் போய்விட்டார். இதில் எந்த நியாயத்தைத் தேடுவது? கொட்டிலும் இல்லை, வீடும் இல்லை. மூன்றாம் நாள் மையத்து கிடைத்தது. ஷீட்டுகளின் மூலப்பிரதி மட்டும் மெயின் ரோட்டுக்கு மேற்கே சுபைறாவின் உம்மா வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பியது. மொத்தம் இருபத்துமூன்று.

சுபைறா அந்த வீட்டிலேயே இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை. அந்த நாட்களில்தான் ஹமீட் வந்தார். றஊபோடு ஒன்றாகப் படித்தவர், அவரும் கணித மாஸ்டர். வாசல் அறையில் இருந்துகொண்டு திரைக்கு அப்பால் கதைத்தார்.

"தங்கச்சி, புள்ளயள்ட கொப்பியெல்லாம் கடல் கொண்டு போயிற்று. ஓகஸ்ட்டில சோதின. றஊப்ட ஷீட்ட ஒருக்காத் தாங்க. கொப்பி அடிச்சிப்போட்டுக் கொண்டு வாறன்."

பிள்ளைகள் என்றதும் அவள் மறுவார்த்தை பேசவில்லை. திரையின் கீழால் ஷீட்டுக் கட்டைத் தள்ளிவிட்டாள். கை மட்டும்தான் வெளியே போனது. வாங்கியவரை அவளும் பார்க்கவில்லை, கொடுத்தவளை அவரும் பார்க்கவில்லை, சாட்சிக்கு ஒரு பூனையும் இல்லை.

கட்டு திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பினாள். "அடிச்சி முடியல்ல" என்று பதில் வந்தது. பிறகு பதிலும் நின்றுவிட்டது.

இத்தா முடிந்து, வயிறு என்று ஒன்று இருப்பதால், கல்முனைப் பஜாரில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த ஏழாம் மாதம் ஒரு பொடியன் வந்து ஒரு தாளை நீட்டி, "முந்நூறு கொப்பி, ஹமீட் சேருக்கு" என்றான்.

வாங்கிப் பார்த்தாள். தூண்டில் முள்ளுப் போன்ற n. தலை மூடாத நாலு. கோடு விழுந்த ஏழு. எல்லாம் அவளுடைய கை. தலைப்பில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, கம்பியூட்டர் எழுத்தில் ‘ஹமீட்’ என்று போட்டிருந்தது. ஒட்டின தாளின் ஓரத்தில் ‘ப்’பின் புள்ளி மட்டும் தப்பி நின்றது. றஊபிலிருந்து மிஞ்சியது அந்தப் புள்ளிதான்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் பச்சை வெளிச்சம் அடித்தது. தன் கையெழுத்தைத் தன் கையாலேயே முந்நூறு தரம் அடித்துக் கட்டிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தது கோபம், நல்ல சுத்தமான கோபம். அதை அவள் ஆறவிடவில்லை.

அடுத்த வாரம் ஹமீட் நேரே கடைக்கு வந்தபோது, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டே கேட்டாள். "ஹமீட் காக்கா, ஷீட்டுக்கு மேல அவர்ட பேரப் போடுங்க. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

ஹமீட் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, கணக்குக்கு ஆர் சொந்தக்காரன்? ரெண்டும் ரெண்டும் நாலெண்டு றஊபா கண்டுபிடிச்ச? மௌத்தானவர்ட பேரப் போட்டா புள்ளயள் வகுப்புக்கு வராது. துஆச் செய்யுங்க, அதுதான் அவருக்குப் போய்ச் சேரும்."

துஆ செய்தாள். றஊபுக்கு ஒன்று, ஹமீடுக்கு ஒன்று. இரண்டாவதில் என்ன கேட்டாள் என்பதை நான் எழுத மாட்டேன்.

ஹமீடின் வகுப்பு ஊதிப் பெருத்தது. "சேர்ட ஷீட் எழுத்து முத்துப் போல, போர்டு எழுத்து கோழி கிண்டின மாதிரி" என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். ஷீட்டுக்கு ஒரு கை, போர்டுக்கு ஒரு கை என்று அவரும் சிரித்து மழுப்புவார். சுபைறா இதையெல்லாம் கொப்பி மிஷினுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவரிடம் படித்த பிள்ளைகளின் கொப்பிகளும் கடைக்கு வரும். அவற்றைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்தக் கணக்கிலும் ஹமீட் நாலு உறுப்பு எழுதுவார், ஐந்தாவதை எழுதுவார், சூத்திரத்தை ஊகிப்பார், கீழே இரட்டைக் கோடு போடுவார். நிறுவல் என்ற இடத்தில் ‘வீட்டில் செய்க’ என்று இருக்கும். ஒரு கொப்பியில்கூட ஆறாவது உறுப்பு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு மண்ணில் கீறிய வட்டம் ஞாபகம் வந்தது.

வட்டத்தை அப்படியே கொடுத்தால் யாராவது எண்ணிவிடுவார்கள். அதை விதியாக மாற்ற வேண்டும். ஆறு புள்ளிக்கும் ஏழு புள்ளிக்கும் தாள் தாளாகக் கீறி எண்ணினாள். 1, 2, 4, 8, 16, 31, 57. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள்: 1, 2, 4, 8, 15, 26. அதையும் கழித்தாள்: 1, 2, 4, 7, 11. அதையும் கழித்தாள்: 1, 2, 3, 4. அங்கே கள்ளன் அகப்பட்டான். ஏழு உறுப்பும் ஒரு ஊகம்தானே என்று றஊபின் குரல் உள்ளே கேட்டது. புதுப் புள்ளி ஒன்று வைத்தால் எத்தனை துண்டு கூடும் என்று வட்டத்திலேயே காரணம் தேடி, நிறுவியும் பார்த்தாள். இரண்டு கிழமை எடுத்தது. 2009 பெப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, முத்துப் போன்ற எழுத்தில், இருபத்துநாலாம் ஷீட் எழுதப்பட்டது.

u₁ = 1, uₙ₊₁ = uₙ + n(n² − 3n + 8)/6 எனின், u₂, u₃, u₄, u₅ ஆகியவற்றைக் காண்க. uₙ இற்கு ஒரு நேரடிச் சூத்திரத்தை ஊகிக்க.

நிறுவுக என்று அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது நிறுவப் போய்க் கள்ளனைப் பிடித்திருப்பான். தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தாள். ஹமீட் கடைக்கு வந்த அன்று, "காக்கா, அவர்ட பழைய கொப்பிக்குள்ள இன்னொண்டு கிடந்திச்சி" என்று நீட்டினாள். அவர் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்! நன்றிகூடச் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பெருங் கருத்தரங்குக்கு இதை எடுப்பேன் என்றார். அவருக்கும் ஒரு புதுக் கணக்கு தேவையாய்த்தான் இருந்தது.

மே மாதம் யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட, பஸ்ஸில் இறங்கி ஏறாமல் ஒரே ஓட்டமாக வரலாம் என்றானது. ஜூலை முதல் வாரம் ஹமீடின் கருத்தரங்கு. இறக்காமத்திலிருந்து, பாண்டிருப்பிலிருந்து, பெரியநீலாவணையிலிருந்து, திருக்கோவிலிலிருந்து முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளுமாக முந்நூறுக்கு மேல் வந்து மண்டபம் முட்டியது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். வாசலிலேயே இருபத்துநாலு ஷீட்டையும் கட்டாகக் கொடுத்தார்கள்.

சுபைறா கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெண்பிள்ளைகள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். பக்கத்தில் பாண்டிருப்பு நிரோஜினி, இரண்டாந்தரம் எழுதப்போகிற பிள்ளை. போன தரம் ஊகித்த சூத்திரம் பிழைத்து ஒரு முழுக் கேள்வியைத் தவறவிட்டதாகச் சொன்னாள். கேட்டதும் சுபைறாவுக்கு றஊபின் சொல் ஞாபகம் வந்தது. புள்ளயள வெச்சி விளையாடப் படாது. இந்தப் பொய் இன்றைக்கு இந்த மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். பழியைத் தீர்ப்பதும் இன்றைக்கே, பிழையைத் திருத்துவதும் இன்றைக்கே.

ஹமீட் விதியைப் பலகையில் எழுதினார்.

"பாக்க வெருட்டும். பயப்படாதீங்க. வாற விடை சின்னன்."

ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. மண்டபம் அவரோடு சேர்ந்து சொன்னது. "என்ன பாக்கிறீங்க? இரட்டிச்சிக்கொண்டு போகுது! ஆக, uₙ சமன் 2ⁿ⁻¹. இது என்ட சொந்தக் கணக்கு, வேற எந்தப் புத்தகத்திலயும் இல்ல." இரட்டைக் கோடு போட்டார். முந்நூறு பேனை அதை எழுதியது.

சுபைறா எழுந்தாள்.

"சேர், ஆறாவது உறுப்ப ஒருக்காக் காட்டுங்க."

முகம் மூடாத அபாயாப் பெண், மாணவி வயதும் இல்லை. ஹமீட் கண்ணைச் சுருக்கினார். அடையாளம் பிடிபட்டதும் சிரிப்புக் கொஞ்சம் கோணியது.

"முப்பத்திரெண்டு. இதென்ன கேள்வி?"

"சூத்திரத்தில இல்ல சேர். விதியில போட்டுக் காட்டுங்க."

முந்நூறு பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? n இற்கு ஐந்தைப் போட்டார். இருபத்தைந்தில் பதினைந்து போனால் பத்து, எட்டைக் கூட்டப் பதினெட்டு. ஐந்து பதினெட்டு தொண்ணூறு. ஆறால் பிரிக்கப் பதினைந்து. சோக் அங்கே நின்றது.

"பதினாறும் பதினைஞ்சும் எவ்வளவு சேர்?"

"முப்பத்தொண்டு" என்று மண்டபத்தில் யாரோ முந்திக்கொண்டார்கள். பிறகு எல்லோருமே சொன்னார்கள். ஹமீட் அழித்துவிட்டுத் திரும்பச் செய்தார். முப்பத்தொன்று. மூன்றாந்தரமும் முப்பத்தொன்றுதான். முதுகில் சட்டை ஒட்டியது. மூன்றரை வருடமாகச் சுபைறா மனசுக்குள் பார்த்து வைத்திருந்த முதுகு அது. கண்ணாரப் பார்த்தாள். அவளுக்குப் போதவில்லை.

"உங்கட சொந்தக் கணக்கெண்டீங்களே சேர். உங்கட கணக்கு உங்களுக்கே விளங்கல்லியா?"

பொடியன்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. இப்போது அவருக்கு இரண்டே வழி. விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது என்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது வந்தாலும் சரி என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் மனிசன் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"புள்ளயள், சொல்லப் படாதெண்டு இருந்தன். இது என்ட ஷீட் இல்ல. சுனாமியில மௌத்தான றஊப் மாஸ்டர்ட. இரக்கத்தில எடுத்துக் கொண்டு வந்தன். அவர் விதியப் பிழையா எழுதி வெச்சிரிக்கார். அல்லாஹ் அவர்ட பிழையப் பொறுக்கட்டும். வெட்டி விடுங்க."

மூன்றரை வருடம் அவள் காத்திருந்த பேர். முந்நூறு பேர் முன்னால், ஹமீடின் வாயாலேயே வந்தது. வந்ததும் ஒரு பிழையின் சொந்தக்காரனாக வந்தது. முந்நூறு பேனையும் வெட்டக் குனிந்தன. சுபைறாவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அவள் வெட்டிய குழியில் அவள் மாப்பிள்ளையை அல்லவா அந்த மனிசன் இழுத்துப் போட்டுவிட்டான்!

நடுப் பாதையால் நடந்து முன்னுக்குப் போனாள்.

"வெட்டாதீங்க புள்ளயள். விதி சரி, சூத்திரம்தான் பிழை. றஊப் மௌத்தாகி நாலரை வருஷம். இந்த ஷீட் எழுதி நாலரை மாசம். மையத்து எழும்பி வந்து எழுதல்ல. நான் எழுதின. இந்தக் கள்ளக் கணக்கப் புள்ளயளுக்குக் குடுக்கப் படாதெண்டு சொன்ன மனிசன்தான் அவர்."

"பொய்!" என்றார் ஹமீட். "இது றஊப்ட எழுத்து. மத்த இருபத்திமூணு ஷீட்டையும் பாருங்க, எல்லாம் ஒரே எழுத்து!"

அவர் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்க ஒரு நொடி எடுத்தது. அந்த நொடிக்குள் சுபைறா அவர் கையிலிருந்த சோக்கை எடுத்துவிட்டாள்.

பலகையில் ஒரு பக்கத்தை அழித்தாள். எழுதினாள்:

uₙ = (n⁴ − 6n³ + 23n² − 18n + 24)/24

கீழே n = 6 என்று போட்டாள். 1296 − 1296 + 828 − 108 + 24 = 744. இருபத்துநாலால் பிரித்தாள். 31.

முதல் சத்தம் முன்வாங்கிலிருந்து வந்தது. ஒரு பிள்ளை ஷீட்டைத் தூக்கிப் பலகைக்கு நேரே பிடித்தாள். n கோட்டுக்குக் கீழே இறங்கித் தூண்டிலாக வளைந்திருந்தது. 744இல் ஏழுக்கு நடுவில் கோடு, இரண்டு நாலுக்கும் தலை திறந்திருந்தது. "ஷீட் எழுத்து" என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவள் தன் கட்டைப் புரட்டினாள். பிறகு மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். ஒன்றாம் ஷீட், ஏழாம் ஷீட், இருபத்துமூன்றாம் ஷீட். எல்லாவற்றிலும் அதே கை, எல்லாவற்றின் தலையிலும் ஹமீட்.

"அப்ப இதெல்லாம் ஆர்ட ஷீட் சேர்?" என்று கடைசி வாங்கிலிருந்து நிரோஜினி கேட்டாள்.

சுபைறா சோக்கை அவர் பக்கம் நீட்டினாள்.

"எழுதுங்க காக்கா. மேல, தலைப்பு இருக்கிற இடத்தில. இருபத்திமூணுக்கும் சேத்து ஒரு தரம் எழுதினாப் போதும். இருபத்திநாலு என்ட, அதுக்கு வேணாம்."

"தங்கச்சி, மாப் பண்ணுங்க. வெளிய போய்க் கதைப்பம்" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"திரைக்குப் பின்னால இருந்து கதைச்சது போதும் காக்கா. எழுதுங்க."

எழுதினார். கோழி கிண்டின எழுத்து இன்னும் கிண்டியது. ‘ரவூப்.’

முந்நூறு பேனை அதைப் பார்த்துத் தங்கள் ஷீட்டில் எழுதப் போனது. சுபைறா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பேர் பிழை. அவர் றானா போட்டு, ஊவன்னா போட்டு எழுதுறவர். அழிச்சிப்போட்டுத் திரும்ப எழுதுங்க."

ஹமீட் துடைப்பானைத் தேடினார். அது சுபைறாவின் கையில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை. அவர் உள்ளங்கையால் அழித்தார், திரும்ப எழுதினார்.